கடன் பத்திரத்தைக் கொளுத்திய விவசாயிகள்: 1875 தக்காணக் கலகம், கேள்வி பதில்

விவசாயிகள் கலகம் செய்தார்கள் என்றால் பசிதானே காரணம்? இதில் ஆராய என்ன இருக்கிறது?

பசி இருந்த ஊரெல்லாம் கலகம் நடந்திருந்தால் அந்த விளக்கம் போதும். இந்தியாவின் கொடிய பஞ்சங்களில் லட்சக்கணக்கானோர் அடங்கிக் கிடந்து செத்தார்கள். பட்டினியால் உடம்பு ஒடுங்கிவிட்டால் கூட்டம் சேரவும் கம்பு தூக்கவும் தெம்பு இருக்காது. கலகம் செய்தவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்கள், அது கைவிட்டுப் போவதைக் கண்முன்னே பார்த்தவர்கள். நேற்றுவரை நம்முடையது என்று இருந்த ஒன்றை, ஊர் வழக்கத்துக்கு ஒவ்வாத ஒரு புது முறையில் இன்னொருவன் எடுத்துக்கொள்ளும்போதுதான் கோபம் தெருவுக்கு வருகிறது.

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடி கிடைக்காது. அதனால் ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். 1875 மே மாதம், பூனா மாவட்டம், சூபா என்ற சந்தை ஊர்.

சூபாவில் அன்றைக்கு என்னதான் நடந்தது?

மே 12, வாரச் சந்தை நாள். சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து வந்த விவசாயிகள் திரண்டு, வட்டிக்குக் கொடுக்கும் கடைக்காரர்களின் வீடுகளையும் கடைகளையும் தாக்கினார்கள். அந்தக் கடைக்காரர்களை அங்கே சௌகார் என்பார்கள். நம் சென்னையின் சௌகார்பேட்டையில் இருக்கும் அதே சொல்தான்.

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை, மாவட்ட மாஜிஸ்திரேட் அங்கே வந்து பார்த்து எழுதிய அறிக்கை இருக்கிறது. ஒரு வீடு எரிந்து போயிருந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு வீடுகளை உடைத்து உள்ளே இருந்ததை எல்லாம் வழித்து எடுத்திருந்தார்கள். கணக்கு நோட்டுகள், கடன் பத்திரங்கள், தானியம், நாட்டுத் துணி எல்லாவற்றையும் தெருவில் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். அவர் போனபோதும் சாம்பல் குவியல் குவியலாகக் கிடந்தது. 50 பேரைப் பிடித்து வைத்திருந்தார்கள். நஷ்டம் 25,000 ரூபாய்க்கு மேல் என்பது அதிகாரியின் மதிப்பீடு. ஒரு லட்சத்துக்கு மேல் என்பது சௌகார்களின் பேச்சு. திருடுபோன பொருளில் மீட்கப்பட்டது 2,000 ரூபாய் மதிப்புக்கு.

எனக்கு இந்த அறிக்கையில் முக்கியமாகப் படுவது அந்தச் சாம்பல்தான். காகிதத்தைக் கொளுத்துவதால் கையில் காசு சேராது. கொள்ளையடிக்க மட்டும் வந்தவன் அதற்கு நேரம் செலவழிக்க மாட்டான்.

சூபாவில் இருந்து கலகம் பக்கத்து அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. இரண்டு மாதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள். எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்தது. சௌகாரிடம் பத்திரங்களைக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் பெரும்பாலும் ஆளைத் தொட மாட்டார்கள். மறுத்தால் வீடு புகுவார்கள்.

கடன் என்பது எந்தக் காலத்திலும் இருந்ததுதானே? அப்போது மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

ஆங்கிலேயருக்கு முன் அங்கே ஆண்ட மராட்டிய பேஷ்வா ஆட்சியிலும் அந்த ஊர்களில் வட்டிக்காரர் இருந்தார். வட்டியும் கடுமைதான். ஆனால் கடனை வசூலிக்க அவருக்கு இருந்த வழிகள் குறைவு. கடன்காரன் வாசலில் ஆளை உட்கார வைக்கலாம், நச்சரிக்கலாம், ஊர்த் தலைவரான பட்டேலிடம் முறையிடலாம். ஊரைப் பகைத்துக்கொண்டு அங்கே அவரால் பிழைக்க முடியாது. நிலத்தைப் பிடுங்கி விற்றுக் காசாக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. தவிரவும் ஒரு பழைய கட்டுப்பாடு இருந்தது. எத்தனை வருஷம் ஓடினாலும் வட்டி அசலைத் தாண்டக் கூடாது. நூறு ரூபாய் கொடுத்தால் அதிகபட்சம் இருநூறு வாங்கலாம். அதை ‘தாம்துபட்’ என்பார்கள்.

1818ல் பேஷ்வா வீழ்ந்து கம்பெனி ஆட்சி வந்தது. மெல்ல மெல்ல சிவில் கோர்ட்டும் வந்தது. கோர்ட்டுக்கு ஊர் வழக்கம் தெரியாது. பத்திரத்தில் எழுதியிருப்பது மட்டும்தான் தெரியும். விவசாயிக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டு வைத்திருப்பார். சம்மன் வந்தாலும் மாட்டை விட்டுவிட்டுப் பல மைல் நடந்துபோய் வக்கீல் வைத்து வாதாட வசதி கிடையாது. அதனால் பெரும்பாலான வழக்குகளில் எதிர்வாதமே இல்லாமல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகும். டிக்ரி கையில் வந்ததும் அமீனா வருவார், ஜப்தி நடக்கும். முன்பு ஊரின் தயவில் இருந்த சௌகாருக்கு இப்போது சர்க்காரே வசூல் ஆள் மாதிரி ஆகிவிட்டது.

பத்திரம் மூணு வருஷம்தான் செல்லும் என்று ஒரு சட்டம் வந்ததாகப் படித்தேன். அது விவசாயிக்கு நல்லதுதானே?

நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். 1859ல் வந்த காலவரம்புச் சட்டம் அது. வட்டி ஏறிக்கொண்டே போகாமல் மூன்று வருஷத்துக்குள் கணக்கு முடியட்டும் என்ற நினைப்பு. நடந்தது நேர் எதிர். இந்த ஒரு இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சூபாவில் எரிந்த காகிதத்தின் ரகசியம் இதில் இருக்கிறது.

மூன்று வருஷம் முடியப் போகும்போது சௌகார் கூப்பிடுவார். “பழைய பத்திரம் காலாவதி ஆகப் போகிறது, புதுசு எழுது, இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போகிறேன்” என்பார். புதுப் பத்திரத்தில் அசலோடு மூன்று வருஷ வட்டியும் சேர்ந்து புது அசல் ஆகிவிடும். அதற்கு மறுபடி வட்டி.

நானே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நூறு ரூபாய் கடன், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, இடையில் பைசா கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷ வட்டி 72. புதுப் பத்திரம் 172 ரூபாய்க்கு. அடுத்த மூன்று வருஷத்தில் அது 296 ஆகும், அதற்கடுத்து 509, பன்னிரண்டாம் வருஷம் 875. அதே கடனை ஒரே பத்திரமாக விட்டு வெறும் தனிவட்டி போட்டிருந்தால் 388தான் வந்திருக்கும். பழைய தாம்துபட் வழக்கப்படி 200க்கு மேல் கேட்டிருக்கவே முடியாது.

கோர்ட்டின் முன்னால் வருவது கடைசியாக எழுதிய பத்திரம் மட்டும். அதில் ‘அசல் 509 ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற மாதிரி வாசகம் இருக்கும், கீழே கைநாட்டு இருக்கும். முதலில் வாங்கியது நூறுதான் என்பதற்கு எழுத்தில் எந்தச் சாட்சியும் இருக்காது. என் கணக்கு மிகை என்று நினைக்க வேண்டாம். பின்னால் அரசே அமைத்த விசாரணைக் கமிஷன், நூறு ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வட்டி ஏறிய ஒரு வழக்கைப் பதிவு செய்திருக்கிறது.

பணமே திருப்பிக் கட்டாமல் இருந்தால் யாருக்கும் ஏறத்தானே செய்யும்?

கட்டினார்கள். பெரும்பாலும் தானியமாகக் கட்டினார்கள், அதுதான் சிக்கல். அகமதுநகர் மாவட்டம் கர்ஜத் தாலுகா மிரஜ்காவ் ஊரில் இருந்து ஒரு விவசாயி கலெக்டருக்கு எழுதிய மனு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அவர் சொல்வது இதுதான்: துணியும் தானியமும் எங்களுக்குக் கடனுக்குத் தரும்போது, ரொக்கம் கொடுத்து வாங்குபவரிடம் கேட்பதைவிட 25 முதல் 50 சதவீதம் கூட விலை போடுகிறார்கள். எங்கள் விளைச்சலைக் களத்தில் இருந்து எடுத்துப் போகும்போது கணக்கில் வரவு வைப்போம் என்கிறார்கள். வைப்பதில்லை. எடுத்ததற்கு ரசீதும் தருவதில்லை.

என் தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் அவர் அடைத்து முடித்த கடன்களின் புரோநோட்டுகளை, ஸ்டாம்பு ஒட்டிய இடத்தில் குறுக்கே கிழித்து மடித்து வைத்திருந்தார். “காசு கொடுத்துவிட்டு நோட்டைக் கிழித்து வாங்காமல் திண்ணையைவிட்டு இறங்காதே” என்பார். மிரஜ்காவ் மனுவைப் படித்தபோது எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. அடைத்தும் தீராத கடன் என்றால், காகிதம் எதிராளி கையிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காகிதத்தைக் கிழித்து வாங்க முடியாதவர்கள் கடைசியில் அதைக் கொளுத்தினார்கள்.

அப்படியென்றால் தவறு முழுக்க சௌகார் மேல்தானா? அரசுக்கு இதில் பங்கு இல்லையா?

இருந்தது, பெரிய பங்கு. அந்தப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். சோளமும் கம்பும்தான் முக்கிய விளைச்சல். மழை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஏமாற்றினாலும் ஆச்சரியமில்லை. அப்படிப்பட்ட மண்ணில் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தார்கள். பாராமகாலில், அதாவது நம் சேலம், தருமபுரிப் பக்கம், கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் ஆரம்பித்து வைத்த முறைதான் இது. ஒவ்வொரு பட்டாதாரும் சர்க்காருக்கு நேரடியாகக் கிஸ்தி கட்ட வேண்டும், ரொக்கமாக, குறித்த தவணையில்.

பம்பாய் மாகாணத்தில் முதலில் பிரிங்கிள் என்ற அதிகாரி போட்ட வரி தாங்க முடியாமல் ஊர்கள் காலியாயின. 1830களின் நடுவில் விங்கேட், கோல்ட்ஸ்மிட் இருவரும் இந்தாபூர் தாலுகாவில் தொடங்கி வரியைக் குறைத்து நிர்ணயித்தார்கள். அது முப்பது வருஷத்துக்கு மாறாது. முப்பது வருஷம் 1860களின் கடைசியில் முடிந்தது. மறு நிர்ணயத்தில் வரி 50 முதல் 100 சதவீதம் வரை ஏறியது.

வானம் பார்த்த நிலத்தில் ஒரு வருஷம் விளையும், ஒரு வருஷம் காயும். கிஸ்திக்கு அந்தக் கணக்கு கிடையாது. தவணை தேதி நெருங்கும்போது கையில் காசு இல்லாதவர் சௌகாரிடம்தான் போக வேண்டும். ஆக, விவசாயி கையெழுத்து வைத்த பல பத்திரங்களில் பணம் போய்ச் சேர்ந்த இடம் சர்க்கார் கஜானா. இதைச் சொல்லாமல் வட்டிக்காரனை மட்டும் வில்லனாக்கினால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் பூனா விவசாயிக்கும் சம்பந்தம் உண்டு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறதே?

உண்டு, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு நேராக இல்லை. 1861ல் போர் தொடங்கியதும் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குப் போவது நின்றது. ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. விலை ஏறியது, பம்பாயில் பணம் புரண்டது, அந்தப் பணம் கிராமத்துக்கும் கடனாக இறங்கியது. பருத்தி போடும் ஒவ்வொரு ஏக்கருக்கும் நூறு ரூபாய் முன்பணம் கொடுத்த காலம் அது. 1865ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, கடன் கொடுத்த கை மூடிக்கொண்டது.

ஆனால் கலகம் நடந்த தாலுகாக்கள் பெரிய பருத்திச் சீமை கிடையாது. அங்கே போர்க்காலத்தின் பாதிப்பு வேறு வழியாக வந்தது. எல்லாப் பொருளின் விலையும் அந்த வருஷங்களில் ஏறியிருந்தது, கடன் தாராளமாகக் கிடைத்தது, அந்த நல்ல காலத்தை அளவுகோலாக வைத்து அதிகாரிகள் வரியை ஏற்றினார்கள். விலை இறங்கியது, ஏற்றிய வரி இறங்கவில்லை. சௌகாரும் பழைய பாக்கியைக் கறக்கப் பார்த்தாரே தவிரப் புதுக் கடன் தர மறுத்தார். இத்தனை காலம் கடன் கொடுத்தவர் ‘இனிமேல் கிடையாது’ என்றதுதான் விவசாயிகளுக்கு மிகவும் உறைத்தது. அநியாய வட்டி என்றாலும் ஆபத்துக்கு உதவுவார் என்ற ஒரு உறவு இருந்தது, அது அறுந்தது.

யாராவது தலைவர் திட்டம் போட்டு நடத்தினாரா? முதல் பொறி எங்கே?

தலைவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆரம்பம் சூபாவுக்கு முந்தையது. சிரூர் தாலுகாவில் கர்டே என்று ஓர் ஊர். அங்கே பாபா சாகேப் தேஷ்முக் என்ற நிலக்காரர் மேல் காலுராம் என்ற மார்வாடி சௌகார் 150 ரூபாய்க்கு டிக்ரி வாங்கினார். 1874 டிசம்பரில் அந்த டிக்ரியின் பேரில் அவருடைய வீட்டையே இடிக்க முனைந்தார். தேஷ்முக் என்பது அந்தப் பக்கம் மதிப்புள்ள குடும்பம். அவருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன ஆகும் என்று ஊர் பதறியது.

கர்டேயில் யாரும் தீ வைக்கவில்லை. ஊர் சேர்ந்து சௌகார்களை விலக்கி வைத்தது. அவர்கள் கடையில் சாமான் வாங்கக் கூடாது, அவர்கள் நிலத்தை உழக் கூடாது, நாவிதர் சிரைக்கக் கூடாது, தண்ணீர் எடுப்பவர் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு என்றால் என்னவென்று நம் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சௌகார்கள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. இந்தச் செய்தி சந்தைகள் வழியாக ஊர் ஊராகப் போனது. அடுத்த ஐந்து மாதத்தில் அதுவே சூபாவில் வேறு வடிவம் எடுத்தது.

மார்வாடிகளையும் குஜராத்திகளையும் மட்டும் குறிவைத்தார்களாமே? இது வெறும் அந்நியர் வெறுப்பு இல்லையா?

வெறுப்பே இல்லை என்று சொன்னால் பொய். பிராமணர்களும் உள்ளூர்க்காரர்களும் வட்டிக்கு விட்ட ஊர்களில் அவர்களைப் பெரும்பாலும் தொடவில்லை; அடி விழுந்தது மார்வாடி, குஜராத்தி சௌகார்களுக்குத்தான். வெளியூரில் இருந்து வந்து கடை போட்டவர்கள், ஊர் உறவு, ஊர்த் திருவிழா, ஊர்ப் பேச்சு இவற்றுக்குக் கட்டுப்படாதவர்கள் என்ற எண்ணம் இருந்தது. கோர்ட்டுக்கு ஓடுவதிலும் அவர்களே முந்தினார்கள் என்று குடியானவர்கள் நினைத்தார்கள். அவர்களிலும் நியாயமாக நடந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் கடையும் எரிந்திருக்கும். அந்த வலியை மறைத்துவிட்டு விவசாயிகள் பக்கம் பேச எனக்கு விருப்பமில்லை.

தாலுகா ஆபீசையும் கோர்ட்டையும் ஏன் தாக்கவில்லை?

அரசு நம் பக்கம் என்று பலர் உண்மையிலேயே நம்பினார்கள். ஒரு வெள்ளைக்கார துரை நம் கஷ்டத்தை எடுத்துச் சொல்லி, பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கும்படி மகாராணியே உத்தரவு போட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு ஊர் ஊராக உலவியது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் ராஜா நல்லவர், இடையில் இருப்பவன்தான் கெட்டவன் என்ற நம்பிக்கை உலகத்தின் பல விவசாயக் கலகங்களில் உண்டு. 1381ல் லண்டனுக்குப் படையெடுத்த ஆங்கிலேய விவசாயிகளும் பதினான்கு வயது ராஜா ரிச்சர்டை நம்பித்தான் போனார்கள். அவர் எழுதிக் கொடுத்த விடுதலைச் சாசனங்கள் சில வாரத்திலேயே ரத்தாயின.

அரசு முதலில் என்ன செய்தது?

போலீஸ், பிறகு பட்டாளம். ஊர்களில் போலீஸ் காவல் போட்டார்கள். ராணுவத்தை வரவழைத்தார்கள். மொத்தம் 951 பேரைக் கைது செய்தார்கள், பலருக்குத் தண்டனை கிடைத்தது. அப்படியும் முழு அமைதி திரும்பப் பல மாதம் ஆனது.

வெள்ளைக்கார ஆட்சி இருபது வருஷம் முன்பு சந்தால் பழங்குடிகளின் எழுச்சியை ராணுவச் சட்டம் போட்டு, ஆயிரக்கணக்கானோரைக் கொன்று ஒடுக்கியது. தக்காணத்தில் அப்படிச் செய்யவில்லை. காரணம் எனக்குத் தெரிந்தவரை இதுதான்: இவர்கள் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுக்கவில்லை, கிஸ்தி கட்ட மாட்டோம் என்று கொடி பிடிக்கவில்லை. வரி கட்டும் குடியானவனைக் கொன்றுவிட்டால் வரி யார் கட்டுவது? அரசுக்கு ஆபத்தில்லாத கலகத்துக்கு அரசு நிதானமாகப் பதில் சொல்லும்.

விசாரணைக் கமிஷன் என்ன கண்டுபிடித்தது? அதை நம்பலாமா?

பம்பாய் அரசு முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1857 சிப்பாய்க் கலகத்தின் நினைவு மறையாத கல்கத்தாவின் இந்திய அரசுதான் விசாரிக்கச் சொல்லி நெருக்கியது. கமிஷன் மாவட்டங்களில் சுற்றி விவசாயிகள், சௌகார்கள், அதிகாரிகள் எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்கி, வரி விகிதம், விலை, வட்டி எல்லாவற்றையும் தொகுத்தது. அறிக்கை 1878ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. நமக்கு இவ்வளவு விவரம் தெரிவதே அந்த அறிக்கையால்தான்.

கமிஷனிடம் முக்கியமாகக் கேட்கப்பட்ட கேள்வி, அரசின் வரி இந்தக் கலகத்துக்குக் காரணமா என்பது. காரணம் இல்லை, சௌகார்களே காரணம் என்று பதில் வந்தது. கேட்டவரே பிரதிவாதியாக இருக்கும்போது வரும் பதில் எப்படி இருக்கும்? ஆனால் கமிஷனுக்குள்ளேயே ஆக்லண்ட் கால்வின் என்ற உறுப்பினர் வரி உயர்வைக் குறைசொல்லித் தனிக் குறிப்பு எழுதினார்.

இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படிக்க ஒரு வழி உண்டு. முடிவுரையை விட்டுவிட்டு, பின்னிணைப்பில் இருக்கும் வாக்குமூலங்களையும் மனுக்களையும் பாருங்கள். மாகாண அரசு அதே சமயத்தில் போட்ட மற்ற உத்தரவுகளையும் பாருங்கள். வரிக்குச் சம்பந்தமே இல்லை என்று பேசிய அதே பம்பாய் அரசு, கலகத்துக்குச் சில மாதம் முன்பே, வரி உயர்வுக்கு ஒரு உச்சவரம்பு போட வேண்டிய நிலைக்கு வந்திருந்தது. உயர்வு தாங்கவில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

கடைசியில் சட்டம் ஏதாவது வந்ததா?

1879ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. முதலில் பூனா, சதாரா, சோலாப்பூர், அகமதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு. அதில் மிக முக்கியமான பிரிவு, மேலே நான் போட்ட கணக்குக்கு நேரான மருந்து. பத்திரத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் கோர்ட் கடனின் பூர்வீகத்தைத் தோண்ட வேண்டும். முதலில் கையில் வாங்கியது எவ்வளவு, நடுவில் கட்டியது எவ்வளவு என்று பார்த்து, உண்மையான பாக்கிக்கு மட்டும் டிக்ரி தர வேண்டும்.

கடனுக்காக விவசாயியை ஜெயிலில் போடுவது நின்றது. குறிப்பாக அடமானம் வைக்காத நிலத்தைச் சாதாரணக் கடனுக்கு ஏலம் விடத் தடை வந்தது. விவசாயி எழுதும் பத்திரம் கிராமப் பதிவாளர் முன்னால்தான் எழுதப்பட வேண்டும் என்றார்கள். பணம் கட்டினால் ரசீது தர வேண்டும் என்றார்கள். மிரஜ்காவ் விவசாயி கேட்டது அதைத்தான். காலவரம்பும் நீட்டிக்கப்பட்டது, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பத்திரம் புதுப்பிக்கும் கட்டாயம் போகட்டும் என்று.

கலகம் செய்தவர்கள் எதை எரித்தார்களோ அந்தக் காகிதத்தைச் சட்டம் திருத்தியது. கிஸ்தியை அது தொடவில்லை. கடன் வாங்க வைத்த காரணம் அப்படியே நின்றது.

அந்தச் சட்டத்தால் விவசாயிக்கு உண்மையிலேயே பலன் கிடைத்ததா?

கொஞ்சம் கிடைத்தது. கோர்ட் படியேறிய பல கடன்காரர்களுக்குத் தொகை குறைந்தது. ஆனால் சௌகார்கள் சீக்கிரமே வேறு வழி கண்டுபிடித்தார்கள். கடன் பத்திரமும் அடமானமும் எழுதினால்தானே கோர்ட் தோண்டும்? கிரயப் பத்திரமே எழுதி வாங்கிக்கொண்டார்கள். நிலத்தை விற்றுவிட்டதாகக் காகிதம் சொல்லும். பணத்தைத் திருப்பித் தந்தால் நிலத்தைத் திருப்பி எழுதித் தருகிறேன் என்பது வாய்ப்பேச்சாக மட்டும் இருக்கும். அதே நிலத்தில் விவசாயி குத்தகைக்காரராக உழுதுகொண்டிருப்பார். இந்தத் தந்திரத்தைப் பிடிக்க, காகிதத்தில் கிரயம் என்று இருந்தாலும் அது உண்மையில் அடமானம்தானா என்று வாய்மொழிச் சாட்சியம் வைத்து விசாரிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் தரும் திருத்தம் 1907ல்தான் வந்தது. நடுவில் ஓடிய இருபத்தெட்டு வருஷத்தில் கைமாறிய நிலம் கைமாறியதுதான்.

எங்கள் பக்கமும் கடனுக்குக் கிரயம் எழுதிக் கொடுத்து, பணத்தோடு திரும்பிப் போனபோது “அது விற்ற நிலமாச்சே” என்ற பதில் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த 1907 திருத்தத்தைப் பற்றி எழுதும்போது பழைய சங்கதி எழுதுவதாக எனக்குத் தோன்றவில்லை.

மற்ற இடங்களிலும் ஆட்சியாளர்கள் இதே மாதிரிதான் நடந்துகொண்டார்களா?

வங்காளத்தில் கிட்டத்தட்ட இதே வரிசை. அவுரி பயிரிட மாட்டோம் என்று 1859ல் விவசாயிகள் எழுந்தபோது 1860ல் அவுரிக் கமிஷன் வந்தது. 1873ல் பாப்னா மாவட்டத்துக் குத்தகைக்காரர்கள் ஜமீன்தார்களை எதிர்த்துச் சங்கம் அமைத்து கோர்ட்டில் நின்றார்கள். அதன் தொடர்ச்சியாக 1885ல் வங்கக் குத்தகைச் சட்டம் வந்தது. மூன்று இடத்திலும் எதிரி இடையில் நின்ற தோட்ட முதலாளி, ஜமீன்தார் அல்லது சௌகார். அவர்களுடைய கையைக் கட்ட அரசு சம்மதித்தது. தன் வருவாயில் கைவைக்கத்தான் சம்மதிக்கவில்லை.

கலகம் செய்த அந்த ஊர்க்காரர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று?

சாம்பல் ஆறி ஒரு வருஷம்தான். 1876ல் மழை பொய்த்தது. பூனா, அகமதுநகர், சோலாப்பூர் எல்லாம் பெரும் பஞ்சத்தில் விழுந்தன. நம் சென்னை மாகாணத்தையும் சூறையாடிய அதே தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்கு 1877ல் கூலியைக் குறைத்தார்கள்: ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும். பம்பாய்த் தக்காணத்தில் அந்தக் கூலிக்கு வேலை செய்ய மறுத்து, வேலைத்தளங்களைவிட்டு ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். அவர்களுக்காகப் பூனா சர்வஜனிக் சபை என்ற பொதுமக்கள் சங்கம் அரசுக்கு மனு மேல் மனு எழுதியது. நிவாரணச் சட்டம் வந்தது அந்தப் பஞ்சமும் முடிந்த பிறகு, 1879ல்.